வாரண்டியில் பார்த்துவிட்டார்கள்

திருப்பூர் பக்கத்து மங்கலத்தில் ஆத்தப்பனுக்கு ஆறு விசைத்தறிகள் இருந்தன. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் தறிக்குடோன். அங்கே பஞ்சுத் தூசி ஓயாமல் பறக்கும். புருவத்திலும் காது மடலிலும் படியும், போனுக்குள்ளும் போய் அடைத்துக்கொள்ளும். எதிர்முனையில் பேசுகிறவரின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். மகள் தேஜஸ்ரீ அயர்லாந்தின் டப்ளினிலிருந்து தண்ணீர் புகாத ஒரு போன் கொடுத்தனுப்பிய பிறகு அவருக்கு அந்தத் தொல்லை விட்டது. தறியை நிறுத்தியதும் போனைக் குழாய்க்கு அடியில் பிடித்துக் கழுவுவார். துண்டால் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

பார்க்கிறவர்கள் பதறுவார்கள். அது அவருக்குப் பிடிக்கும்.

"தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாதுங்க. புள்ள வாங்கி அனுப்புனது. ரெண்டு வருசம் வாரண்டி வேற இருக்குது."

தேஜஸ்ரீ அவர்களுக்கு ஒரே பிள்ளை. டப்ளினில் முதுகலை படித்து முடித்து, அங்கேயே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வேலை கிடைத்த செய்தியைச் சொன்ன அன்று ஆத்தப்பன் பக்கத்துத் தறிக்குடோன்களுக்கெல்லாம் போய் லட்டு கொடுத்தார். சில மாதங்கள் கழித்து, ஊருக்கு வந்த ஒரு தோழியிடம் அந்தப் போனைத் துணியில் சுற்றிக் கொடுத்து விட்டிருந்தாள். போன் வந்த பெட்டியைக் கனமாக இருக்கும் என்று அங்கேயே வைத்துக்கொண்டாளாம். அவ்வளவு விலையுள்ள கம்பெனிப் போனை ஆத்தப்பன் அதுவரை தொட்டதுகூட இல்லை. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, பந்தியில் இலைக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

மாசியில் ஒருநாள், அறுந்த பாவு நூலை முடிச்சுப் போடக் குனிந்தபோது போன் பையிலிருந்து நழுவித் தறியின் இரும்புச் சட்டத்தில் விழுந்தது. திரையின் ஓரத்தில் முடி போல ஒரு கீறல். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வழக்கம் போல அன்று மாலையும் கழுவினார். அதற்கடுத்த வாரம், கழுவித் துடைத்துச் சார்ஜில் போட்ட போன் ஆன் ஆகவே இல்லை. திரை ஒரு முறை பச்சையாக மின்னிவிட்டு இருண்டது.

மனைவி தெய்வாத்தாளின் போனில் மகளுக்குச் சொன்னார்.

"சர்வீஸ் சென்டருக்கெல்லாம் கொண்டுபோவாதீங்கப்பா" என்றாள் தேஜஸ்ரீ. "அலையாதீங்க. நான் வேற வாங்கித் தரேன்."

"எதுக்கு கண்ணு வேற? வாரண்டி இருக்குதல்லொ."

"அது வெளிநாட்டுப் போன்ப்பா. அங்க பாக்க மாட்டாங்க. அப்படியே வெச்சிருங்க."

ஆத்தப்பனுக்கு அது நியாயமாகப் படவில்லை. வாரண்டி இருக்கும்போது பிள்ளை எதற்கு இன்னொரு முறை செலவு செய்ய வேண்டும்? தன் அலைச்சலை நினைத்துத்தான் அவள் வேண்டாம் என்கிறாள் என்று முடிவுகட்டினார். வியாழக்கிழமை மின்சாரம் நிறுத்தும் அறிவிப்பு வந்திருந்தது. தறி ஓடாது. காலையிலேயே தெய்வாத்தாளையும் அழைத்துக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறினார். அவள் பன்னிரண்டாவது வரை படித்தவள். இங்கிலீஷில் எதையாவது நீட்டினால் வாசித்துச் சொல்ல அவள்தான் வேண்டும்.

அவினாசி ரோட்டில் முதல் மாடியில் இருந்தது அந்த சர்வீஸ் சென்டர். ஏசி குளிர்ந்தது. டோக்கன் வாங்கிக்கொண்டு இருவரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எதிர்ச்சுவரில் வாரண்டியின் விதிமுறைகளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். எல்லாம் இங்கிலீஷ்.

"என்னனு படி, தெய்வா. உள்ள போயி நாம தப்பாப் பேசிறக்கூடாது."

தெய்வாத்தாள் எழுந்து போய்ச் சட்டத்துக்கு அருகில் நின்றாள். அவர் பின்னால் நின்றார். அவள் ஒரு வரியை இரண்டு முறை மனசுக்குள் படித்துவிட்டுத் தமிழில் சொன்னாள்.

"கம்பெனியில செய்யறப்பவே இருந்த குறைக்கு மட்டுந்தானுங்க இந்த வாரண்டி. வாங்குன தேதியிலிருந்து கணக்கு."

"செரி."

"கீழ போட்டு ஸ்கிரீன் ஒடஞ்சா இதுல வராதுங்களாம்."

"அது நாம போட்டு ஒடச்சது. அதுக்கு நாமளே குடுத்தர்லாம். அவங்களைக் கேக்கறது முறையில்லை. தண்ணிக்கு என்ன போட்டிருக்குது?"

அவள் விரலை வரிகளின் மேல் ஓட்டினாள். அந்தப் பத்தி நீளமாக இருந்தது.

"தண்ணி உள்ள போவாதுன்னு சொன்னது அவங்க சோதனைக்கூடத்துல வெச்சுப் பாத்ததுங்களாம். அந்தக் காப்பு எப்பவும் அப்படியே இருக்காது, பொழங்கப் பொழங்கக் கொறஞ்சு போயிருமாம். ஈரம் உள்ள போயிக் கெட்டா வாரண்டி கெடையாது."

ஆத்தப்பன் முகம் மாறியது. "விளம்பரத்துல தொட்டிக்குள்ள போட்டு எடுத்துக் காட்டறாங்க?"

"காட்டறாங்க. இங்க இப்படிப் போட்டிருக்காங்க."

"நாந்தான் தெனமும் கழுவுனேன்" என்றார் அவர், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது போல. பிறகு, "இன்னும் என்ன இருக்குது?"

"அங்கீகாரம் பெத்த சர்வீஸ் சென்டர்லதான் பாக்கோணும். வெளியாளுங்க யாராச்சும் தொறந்திருந்தாலோ, கம்பெனிதில்லாத சாமான் போட்டிருந்தாலோ மொத்தமா ஒண்ணும் கெடையாது."

அதைக் கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "அதொண்ணு நம்மகிட்ட சுத்தம். மங்கலத்துல ரெண்டு கடைக்காரன் கேட்டான், தொறந்து பாத்துச் சொல்றேன்னு. நான் குடுக்கலையே. தண்ணி தானாப் போயிருக்குதுன்னா திரையை ஒட்டுன அவங்க பசை சரியில்லைன்னுதானே அர்த்தம்? அது செய்யறப்பவே இருந்த குறைதானே? அப்படிக் கேக்கலாம்."

இருவரும் நாற்காலிக்குத் திரும்பினார்கள். அவர் அந்த வாதத்தை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டோக்கன் எண் வந்தது. கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் அபிராமி என்று பேட்ஜ் குத்தியிருந்தது. பில் கேட்டாள். பில் மகளிடம் இருப்பதாகச் சொன்னார். பரவாயில்லை என்று சிம் தட்டை வெளியே எடுத்து, அதில் பொடியாகப் பதிந்திருந்த எண்ணைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடித்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடியும் அடித்தாள்.

"ஏனுங்க சார், இது புதுசா வாங்குனதுங்களா?"

"புதுசுதாங்க. எம் பொண்ணு அயர்லாந்துல வேலையில இருக்குது. அங்க வாங்கி அனுப்புச்சு. இன்னும் வருசம் முடியலை."

"இல்லீங்க. இந்தப் போனை மொதமொத ஆன் பண்ணி மூணு வருசத்துக்கு மேல ஆயிருச்சு. வாரண்டி எப்பவோ முடிஞ்சிருச்சுங்க."

"எண்ணைத் தப்பா அடிச்சிருப்பீங்க, கண்ணு."

அபிராமி கோபப்படவில்லை. கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி, தட்டிலிருந்த எண்ணையும் திரையிலிருந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். தெய்வாத்தாள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட்டாள். எல்லாம் சரியாக இருந்தது.

"தட்டை மாத்திப் போட்டிருந்தாக்கூட எண்ணு மாறும். உள்ள தொறந்து பாத்தாத் தெரிஞ்சிருங்க. தொறக்கறதுக்கு நீங்க சம்மதம்னு கையெழுத்துப் போடோணும்" என்றாள் அபிராமி.

ஆத்தப்பன் கையெழுத்துப் போட்டார்.

உள்ளே போன போனுடன் சிறிது நேரத்தில் ஒரு டெக்னீசியன் வெளியே வந்தார். அழகுமலை என்று பெயர். மதுரைப் பக்கத்துப் பேச்சு. போனின் திரையைத் தனியாகக் கழற்றி ஒரு ரப்பர் விரிப்பின் மேல் வைத்திருந்தார். பேனா முனையால் உள்ளே ஓரிடத்தைக் காட்டினார்.

"ஐயா, இந்தப் புள்ளி வெள்ளையா இருக்கணும். தண்ணி பட்டா இப்படிச் செவந்துரும். அதுபோக போர்டு பூராம் பச்சை பூத்துப் போச்சு, பாருங்க. சார்ஜில வேற போட்டிருக்கீக."

"தண்ணி பட்டது நெசந்தானுங்க. ஆனா தண்ணி உள்ள போனது உங்க பசை..."

"அதைத்தான் சொல்ல வந்தேன். இதுல கம்பெனிப் பசையே இல்ல. ஏற்கெனவே தொறந்து, டூப்ளிகேட் டிஸ்ப்ளே போட்டு, கடைப் பசையை வச்சு ஒட்டியிருக்காக. இந்த டிஸ்ப்ளே எங்க கம்பெனி மால் கெடையாது. பேட்டரியும் அப்படித்தான். யாரோ ஒடச்சுப்போட்ட பழைய போனைச் சரிபண்ணி வித்திருக்காக, ஐயா. அப்படித் தொறந்த போன்ல ஒருக்கா தண்ணி பட்டாலே முடிஞ்சிரும். இத்தன நாள் தாங்குனதே பெருசு."

"நான் யாருகிட்டயும் குடுத்துத் தொறக்கலீங்க" என்றார் ஆத்தப்பன்.

"நீங்க தொறந்தீகன்னு சொல்லலய்யா. உங்க கைக்கு வரும்போதே இப்படித்தான் வந்திருக்கு."

காசு கட்டினால் சரிசெய்வீர்களா என்று தெய்வாத்தாள் கேட்டாள். வேறு சாமான் ஏறிய போனை இங்கே காசுக்கும் எடுக்கமாட்டோம் என்று அபிராமி சொன்னாள். அதைச் சொல்லும்போது குரலைத் தணித்துக்கொண்டாள். அழகுமலை திரையை மறுபடி பொருத்தி, போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

கீழே இறங்கினார்கள். பக்கத்தில் ஒரு பேக்கரி இருந்தது. ஆத்தப்பன் உள்ளே போய் உட்கார்ந்து இரண்டு டீ சொன்னார்.

"புள்ளைய நல்லா ஏமாத்திப்போட்டானுக" என்றார். "வெளிநாட்டுலயும் இப்படிப் பண்றானுகளே. இப்பவே கூப்புட்டுச் சொல்லோணும். பில்லை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போயிக் கேக்கச் சொல்லோணும்."

"சொல்ல வேண்டாமுங்க."

"ஏன்? இத்தனை படிச்ச புள்ள, சும்மா உட்டர்றதா?"

தெய்வாத்தாள் டீயைத் தொடவில்லை. "அத்தனை படிச்ச புள்ளதானுங்க. ஒரு போன் புதுசா பழசான்னு அவளுக்குத் தெரியாதா? போனைப் பத்தி நமக்குச் சொல்லிக்குடுத்ததே அவதான். ஏமாறலீங்க. தெரிஞ்சுதான் வாங்கியிருக்கா."

"தெரிஞ்சு எதுக்குப் பழசை வாங்கோணும்? நல்ல கம்பெனியில இருக்கற புள்ள."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஆபீஸ்ல இருந்து பேசறேன்னு சொல்றப்பெல்லாம் பின்னால பாத்திரம் கழுவற சத்தம் கேக்குதுங்க. கேன்டீன்ல இருக்கறேன்னு சொல்லுவா. எப்பப் பேசுனாலும் கேன்டீன்லயா இருப்பா? முன்னயெல்லாம் வீடியோவுல வருவா. இப்ப நெட்டு இல்லைன்னு சொல்லிர்றா. போன மாசம் கொஞ்ச நேரம் வந்தா. கையெல்லாம் வெந்த மாதிரி செவந்து கெடந்துச்சு. குளிருக்குன்னா."

"உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியாதுங்க. தெரிஞ்சிரக் கூடாதுன்னு இருந்தேன்."

பேக்கரியில் வேறு மேசையில் நான்கு பேர் இந்தியில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆத்தப்பன் பிளாஸ்டிக் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லட்டு கொடுத்த நாளும் கல்யாணப் பந்தியும் அவர் கண்முன் வந்தன. புதுப் போன் வேண்டும் என்று அவர் அவளிடம் கேட்டதில்லை. ஆனால், 'சம்பளக்காரப் பொண்ணு அப்பனுக்கு என்ன வாங்கி அனுப்புச்சு?' என்று சொந்தக்காரர்கள் கேட்பதாக அவளிடம் இரண்டொரு முறை சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அப்போது தெய்வாத்தாளின் போன் அடித்தது. தேஜஸ்ரீதான். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும்.

தெய்வாத்தாள் எடுப்பதற்குள் ஆத்தப்பன் கை நீட்டி வாங்கிக்கொண்டார். என்ன பேசப் போகிறோம் என்று அவர் யோசித்திருக்கவில்லை. மகளுக்கு ஒரு சங்கடமும் வந்துவிடக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. "சொல்லு, கண்ணு" என்றார்.

"அப்பாங்களா? எங்கிருக்கீங்க? தறிச் சத்தத்தையே காணோம்."

"இன்னைக்குக் கரண்ட் இல்ல, கண்ணு. திருப்பூர் வந்தோம். அந்தப் போனைக் குடுக்கலாம்னு."

"சர்வீஸ் சென்டருக்கா?"

"ஆமா கண்ணு. நீ ஒண்ணும் கவலைப்படாதே. நல்லாப் பாத்தாங்க. வாரண்டியிலயே எடுத்துக்கிட்டாங்க. ஒரு பைசா வாங்கலை. புதுசாட்டம் பண்ணித் தரேன்னுட்டாங்க."

தெய்வாத்தாள் அவர் கையைப் பிடித்தாள். அதற்குள் அவர் சொல்லி முடித்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு விளங்கியது. வாரண்டி இல்லை என்பது தங்களுக்குத் தெரிவதற்கு முன்பே மகளுக்குத் தெரியும்.



"வாரண்டியிலயா எடுத்துக்கிட்டாங்க?" என்று கேட்டாள் தேஜஸ்ரீ.

"ஆமா, கண்ணு."

"அதுக்கு வாரண்டி இல்லீங்கப்பா."

ஆத்தப்பன் தெய்வாத்தாளைப் பார்த்தார்.

"என்ன சொன்னாங்க? பழசுன்னு சொன்னாங்களா?"

"அதொண்ணும் இல்ல, கண்ணு..."

"சொல்லியிருப்பாங்க. நெம்பர் போட்டாத் தெரிஞ்சிரும். அதுனாலதான் போவாதீங்கன்னேன்." அவள் குரல் உடைந்தது. "எனக்கு வேலை இல்லீங்கப்பா. மொதல்லயே இல்லை. கெடைச்சிரும்னு சொன்னாங்க, நம்பி உங்ககிட்டச் சொல்லிட்டேன். கடைசியில வேற ஆளை எடுத்துக்கிட்டாங்க. அதுக்குள்ள நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. இத்தனை நாளா ஒரு ஓட்டல்ல பாத்திரம் கழுவறேன். அந்தப் போன் கூட, இங்க கூட வேலை செய்யற ஒருத்தர்கிட்ட வாங்குனது. உங்களுக்குச் சந்தோஷமா இருக்கட்டும்னுதான்."

தெய்வாத்தாள் காதைப் போனுக்கு அருகில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணீர் தாடையில் வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"சாப்புடறயா, கண்ணு?" என்று கேட்டாள்.

"சாப்பாட்டுக்கு ஒண்ணும் இல்லீங்கம்மா. ஓட்டல்லயே குடுத்தர்றாங்க."

"அப்ப ஊட்டுக்கு வந்துரு. நாங்க இருக்கறமல்லொ."

தேஜஸ்ரீ அப்பாவிடம் கேட்டாள்.

"வந்தா எல்லார்கிட்டயும் என்னங்கப்பா சொல்லுவீங்க?"

எளிய கேள்விதான். எதையாவது சொல்லிக்கொள்ளலாம், நீ வா என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் உண்மையிலேயே யோசித்தார். பக்கத்துத் தறிக்குடோன்காரர்கள், கல்யாண வீட்டுப் பெரியவர்கள், பெண் கேட்டு வந்திருந்த குன்னத்தூர்க் குடும்பம், எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக அவர் மனக்கண்ணில் வந்து நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் என்ன சொல்வது என்று அவர் மனம் தேடியது. பேக்கரிக்காரர் வந்து ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு போனார். தெய்வாத்தாள் அவர் தோளை அழுத்தினாள்.

"வா, கண்ணு. வந்துரு" என்றார்.

அவருக்கே தெரிந்தது, அது தாமதமாக வந்த சொல் என்று.

"பாக்கலாங்கப்பா" என்றாள் தேஜஸ்ரீ. குரல் திடீரென்று சமாதானமாகிவிட்டிருந்தது. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. "இன்னும் கொஞ்ச நாள் வேலை தேடிப் பாக்கறேன். விசா இருக்குது. நீங்க யார்கிட்டயும் இப்பச் சொல்ல வேண்டாம். பஸ் வந்துருச்சு, வெக்கறேன்."

"கண்ணு, அப்பா சொல்றதைக் கேளு..."

வைத்துவிட்டிருந்தாள். அவர் மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. தெய்வாத்தாளும் கூப்பிட்டாள். அடித்து ஓய்ந்தது. ஆத்தப்பன் துண்டை எடுத்து முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். பக்கத்து மேசைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"நான் யோசிச்சிருக்கக் கூடாது, தெய்வா."

அவள் இல்லை என்று சொல்லவில்லை. அவரைத் திட்டவும் இல்லை. "வாங்க, போலாம்" என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தார்கள். பாதி வழியில், 'வாரண்டியிலயே எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்லாம இருந்திருந்தா அவளா எப்பவாச்சும் சொல்லியிருப்பாளா?' என்று அவர் கேட்டார். தெய்வாத்தாள் கொஞ்ச தூரம் யோசித்துவிட்டு, "சொல்லியிருக்க மாட்டா. தனியாவே வெச்சிருந்திருப்பா" என்றாள். அது நல்லதா கெட்டதா என்று இருவருக்கும் தெரியவில்லை.

அன்று மாலை தேஜஸ்ரீயிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நன்றாக இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தாள். வைகாசி வரை அப்படிச் செய்திகள்தான் வந்தன. பேசவில்லை. ஆத்தப்பன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தெய்வாத்தாளின் போனில் குரல் பதிவு செய்து அனுப்பினார். பேசத் தெரியாமல் பேசினார். வந்துரு கண்ணு, யாரு என்ன கேட்டாலும் நான் பாத்துக்கறேன், எனக்கு ஒரு வெக்கமும் இல்லை என்றார். கேட்டதற்கான நீலக்குறி விழும். பதில் வராது.

பக்கத்துக் குடோன்காரர் ஒருநாள் பேச்சுவாக்கில் பாப்பா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். ஆத்தப்பன் தறியை நிறுத்தினார். வேலை கிடைக்கவில்லை, ஓட்டலில் இருக்கிறாள், திரும்பி வரச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் நேராகச் சொன்னார். அவர் என்ன நினைத்துக்கொண்டாரோ, தலையை ஆட்டிவிட்டுப் போனார். உலகம் ஒன்றும் இடிந்துவிடவில்லை. இவ்வளவுதான் என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் மகளின் அந்தக் கேள்விக்கு ஆத்தப்பன் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பார்.

கேட்ட மற்றவர்களிடமும் அப்படியே சொன்னார். அதையும் பதிவு செய்து அனுப்பினார். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் கண்ணு, இனி ஒளிக்க ஒண்ணும் இல்லை என்றார்.

இம்முறை அவள் கூப்பிட்டாள். வீடியோவில் வந்தாள். இளைத்திருந்தாள். ஒரே அறையில் நான்கு கட்டில்கள் தெரிந்தன. அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"ஏனுங்கப்பா சொன்னீங்க?" என்றாள். "நான்தான் வேண்டாம்னு கேட்டனில்லைங்களா? எனக்குன்னு அங்க அந்தப் பேரு ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."

அவர் பதில் தேடவில்லை. தப்புதான், கண்ணு என்றார். அவள் தலையைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அவள் அழுது முடிக்கும் வரை இருவரும் போனைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்கள்.

தேஜஸ்ரீ இன்னும் வரவில்லை. இப்போது வாரம் ஒருமுறை பேசுகிறாள். சாப்பாடு, குளிர், தறி, மழை என்று பேச்சு ஓடும். வரச் சொன்னால் பாக்கலாங்கப்பா என்கிறாள். அவள் கூப்பிடும் நேரத்துக்கு முன்பே ஆத்தப்பன் ஆறு தறிகளையும் நிறுத்திவிட்டு, பஞ்சு பறப்பது அடங்கும் வரை காத்திருந்து, பிறகுதான் போனை எடுக்கிறார்.